வினைச்சொல்லில் பிரிந்தவர்கள், பெயர்ச்சொல்லில் சேர்ந்தவர்கள்: கீதை 4.7உம் அனந்தபுரத்துச் சிறையும்

பகவத்கீதையின் நான்காம் அத்தியாயத்தில் ஏழாம், எட்டாம் சுலோகங்களை அறியாதவர் அரிது. 1988இல் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகத் தொடங்கிய மகாபாரதத் தொடரின் முகப்புப் பாடல், வடமொழி தெரியாத இல்லங்களுக்குள்ளும் அவற்றைக் கொண்டுசேர்த்தது. தர்மம் தளரும்போதெல்லாம் இறைவன் தன்னைத் தோற்றுவித்துக்கொள்கிறான், நல்லோரைக் காக்கவும் தீயோரை அழிக்கவும் தர்மத்தை நிலைநிறுத்தவும் யுகந்தோறும் பிறக்கிறான் என்பது அவற்றின் பொருட்சுருக்கம். வேதாந்தப் பள்ளிகள் இச்சுலோகங்களை எவ்வாறு வேறுவேறாகப் படித்தன என்பது பாடத்திட்டங்களில் வழக்கமாக இடம்பெறும் வினா. அதற்கு எழுதப்படும் விடைகளில் ஒரு குறை தொடர்ந்து காணப்படுகிறது. பள்ளிகள் எங்கே முரண்பட்டன என்பது விரிவாகப் பேசப்படுகிறது. எங்கே முரண்படவில்லை என்பது பேசப்படுவதில்லை. அந்த உடன்பாட்டை உடைத்த ஒரு வாசிப்பு திருவனந்தபுரத்தோடு நெருங்கிய தொடர்புடையது. அது தமிழில் எழுதப்பட்டது என்பதாலேயே உரைமரபின் வரலாற்றில் அதற்கு இன்றுவரை இடம் கிடைக்கவில்லை.

முதலில் சொற்களைப் பார்க்க வேண்டும். சுலோகத்தின் முற்பாதி ஒரு நிபந்தனை. 'யதா யதா' என்னும் அடுக்குத்தொடர், ஒருமுறை நிகழ்வதைக் குறிக்காமல் நிகழும் ஒவ்வொரு முறையையும் தழுவி நிற்கிறது. பாணினி இத்தகைய இரட்டிப்பை 'வீப்சை' என்னும் பெயரால் விதிக்குள் கொண்டுவந்தார். தமிழில் 'போதெல்லாம்' என்பதிலுள்ள 'எல்லாம்' செய்யும் வேலை அதுவே. தர்மத்துக்கு நேர்வதாகச் சொல்லப்படுவது 'க்லானி'. இதை அழிவு என்று மொழிபெயர்ப்பது பிழை. உடல் சோர்தல், மலர் வாடுதல் ஆகியவற்றுக்கு வழங்கும் சொல் அது. ஆகவே இறைவன் வரும் தருணம் தர்மம் மாண்ட பிந்தைய தருணமன்று. அது வாடிக்கொண்டிருக்கும் தருணம். பிற்பாதியின் உயிர்நாடி 'ஸ்ருஜாமி' என்னும் தன்மை ஒருமை வினை. அவ்வினையின் வேர், படைத்தல், விடுவித்தல், உமிழ்தல், வெளிப்படுத்தல் ஆகிய பொருள்களையெல்லாம் ஏற்கும். அதன் செயப்படுபொருள் 'ஆத்மானம்', அதாவது 'என்னை' அல்லது 'தன்னை'. பிறப்பற்றவன் என்று முந்தைய சுலோகத்தில் தன்னைச் சொல்லிக்கொண்டவன், 'என்னையே படைக்கிறேன்' என்று அடுத்த மூச்சில் சொன்னால் அதன் பொருள் என்ன? பள்ளிகள் பிரிந்தது இந்த இடத்தில்தான்.

சங்கரரின் விடை 'போல' என்னும் உவம உருபில் அடங்கியிருக்கிறது. இறைவன் உண்மையில் பிறப்பதில்லை. தன் மாயையால் உடலுடையவன் போலவும் பிறந்தவன் போலவும் தோன்றுகிறான். உலகத்தார் பிறப்பதைப்போல மெய்ப்பொருள் நிலையில் அது நிகழ்வதன்று. இங்கே வினைச்சொல் 'தோன்றச் செய்கிறேன்' என்னும் அளவுக்கு மெலிகிறது.

இராமானுசர் அந்த மெலிவை ஏற்கவில்லை. முந்தைய சுலோகத்தில் வரும் மாயை என்னும் சொல்லுக்கு அவர் அறிவு என்றே பொருள் கொள்கிறார். இறைவன் தன் இயல்பில் எதையும் இழக்காமல், தன் சங்கற்பத்தால், தேவர் மனிதர் முதலியோரின் வடிவுக்கு ஒத்த வடிவைத் தனக்கு அமைத்துக்கொண்டு மெய்யாகவே பிறக்கிறான். வினையால் வந்த உடலன்று. ஆயினும் பொய்யுடலும் அன்று. அத்துடன் அவர் மற்றொன்றையும் சேர்க்கிறார்: அந்தப் பிறப்புக்குக் காலவரையறை கிடையாது. 'போதெல்லாம்' என்பதை அவர் முழுவலிமையோடு எடுத்துக்கொண்டதன் விளைவு இது. எட்டாம் சுலோகத்தில் வரும் 'நல்லோர்' யார் என்பதற்கும் அவர் தரும் விளக்கம் தனித்தன்மை வாய்ந்தது. இறைவனைக் காணாமல் ஒரு கணத்தையும் ஊழியாகக் கருதி உருகும் அடியார்களே அவர்கள். அவர்களுக்குத் தன் வடிவையும் செயலையும் காட்டி உரையாடக் கொடுப்பதே காத்தல். தீயோரை அழிக்க ஒரு நினைவு போதும். பிறந்து வரவேண்டிய தேவை அடியார்க்காகவே எழுகிறது. தென்கலை மரபின் முதன்மை நூலாகிய ஸ்ரீவசனபூஷணத்தில் பிள்ளை லோகாசாரியர், அவதாரங்களின் வீரச்செயல்கள் யாவும் அடியார்க்கு இழைக்கப்பட்ட தீங்கைப் பொறாமையால் விளைந்தவை என்னும் நஞ்சீயரின் கருத்தை எடுத்துரைப்பதும் இந்த வழியிலேயே.

மத்துவர் வேறொரு கோணத்தில் நிற்கிறார். இறைவனுக்கும் அவன் உடலுக்கும் வேற்றுமையே இல்லை. எனவே படைத்தல் என்பது வெளிப்படுத்தல் மட்டுமே. நல்லோரைக் காக்கப் பிறந்துதான் ஆகவேண்டும் என்னும் கட்டாயமும் அவனுக்கு இல்லை. பிறவாமலும் அதைச் செய்ய வல்லவன், தன் இயல்பாலும் விளையாட்டாலும் விரும்பியவாறு வருகிறான்.

மூன்று பள்ளிகள், ஒரே வினைச்சொல்லுக்கு மூன்று பொருள்கள். இவ்வளவையும் எந்த வகுப்பறைக் குறிப்பிலும் காணலாம். ஆனால் முற்பாதிக்குத் திரும்பி, 'தர்மம்' என்னும் பெயர்ச்சொல்லுக்கு உரையாசிரியர்கள் தரும் பொருளைப் பார்த்தால் காட்சி மாறுகிறது. சங்கரர் அதை வருணம், ஆசிரமம் முதலியவற்றை இலக்கணமாகக் கொண்டது என்கிறார். இராமானுசர் அதை வேதத்தில் விதிக்கப்பட்டு நான்கு வருணம், நான்கு ஆசிரமம் என்னும் ஒழுங்கில் நிலைபெற்ற கடமை என்கிறார். உலகம் மெய்யா மாயையா, உயிரும் இறைவனும் ஒன்றா வேறா என்பவற்றிலெல்லாம் சமரசமின்றி மோதியவர்கள், எது வாடினால் இறைவன் வருவான் என்பதில் ஏறத்தாழ ஒரே தொடரை எழுதுகிறார்கள். சங்கரர் தம் கீதையுரையின் முன்னுரையில், பிராமணத்தன்மையைக் காப்பதன் வாயிலாகவே வைதிக தர்மம் காக்கப்படும் என்றும் எழுதுகிறார். உரையாசிரியர்களைக் குற்றக் கூண்டில் நிறுத்துவதற்காக இதைச் சொல்லவேண்டியதில்லை. அவர்கள் காலத்து அறிவுலகில் அப்பொருள் விவாதத்துக்கு அப்பாற்பட்டதாக இருந்தது. விவாதத்துக்கு அப்பாற்பட்டதாக இருந்த அந்த ஒன்றுதான் ஆய்வாளருக்கு முதன்மையான தரவு.

இந்தப் பெயர்ச்சொல் ஓர் அரசின் பெயராகவே ஆனது திருவிதாங்கூரில். 1750இல் மார்த்தாண்டவர்மர் தம் நாட்டைப் பத்மநாபசுவாமிக்கு ஒப்படைத்து, இறைவனின் அடியவராக நின்று ஆள்வதாக அறிவித்தார். திருப்படிதானம் என்பது அச்சடங்கின் பெயர். அவருக்குப் பின் 1758 முதல் 1798 வரை ஆண்ட கார்த்திகைத் திருநாள் ராமவர்மர் 'தர்மராஜா' என்றே அழைக்கப்பட்டார். தர்மமே எம் குலதெய்வம் என்பது அரசின் குறிக்கோள் வாசகமாயிற்று. இவ்வாறு தர்மத்தின் காவலன் யார் என்னும் வினாவுக்கு அனந்தபுரத்தில் அரசமைப்பே விடையாக நின்றது. பாற்கடலில் பள்ளிகொண்டவன் கோயிலுக்குள் இருக்கிறான். அவன் பெயரால் அரசன் ஆள்கிறான். வருண ஒழுங்கு நடக்கிறது. அப்படியிருக்க, வாட்டம் எங்கே?

வாட்டம் எங்கே என்பதை நாஞ்சில் நாட்டின் பனங்காடுகளில் இருந்தவர்கள் அறிந்திருந்தார்கள். தலைவரி, கூலியில்லா ஊழியம், தோளில் மேலாடை அணியத் தடை, தலைப்பாகைக்குத் தடை, கோயில் தெருவில் நடக்கத் தடை ஆகியவை சாணார் உள்ளிட்ட சாதியினரின் அன்றாடம். இவை தர்மம் தளர்ந்ததால் நேர்ந்தவை அல்ல. தர்மம் என்று பெயரிடப்பட்டது நன்றாக நடந்ததால் நேர்ந்தவை. சுலோகத்தின் நிபந்தனை, உரையாசிரியர்களின் பொருளில், இங்கே நிறைவேறவே இல்லை. எனவே அப்பொருளின்படி இறைவன் வருவதற்கு இங்கே எக்காரணமும் இல்லை.

1809இல் இன்றைய சாமிதோப்பில் ஒருவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் முடிசூடும் பெருமாள். சாதிப் படிநிலையில் கீழே வைக்கப்பட்டவர் குழந்தைக்கு அத்தகைய பெயர் தகாது என்று எதிர்ப்பு எழவே, முத்துக்குட்டி என்று மாற்றப்பட்டது. 1833இல் திருச்செந்தூர்க் கடலுக்குள் சென்று மீண்டபோது அவர் வைகுண்டராக மீண்டார் என்பது அய்யாவழி மரபு. அவருடைய சீடர் அரிகோபாலன் 1841இல் எழுதியதாகக் கொள்ளப்படும் அகிலத்திரட்டு அம்மானை, பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட அடிகளில் இந்த வருகையின் பின்புலத்தை விரிக்கிறது. அது முதன்முதலாக அச்சேறியது 1939இல்.

அம்மானையின் யுகக் கணக்கு எட்டு. குறோணி என்னும் தீயசக்தி ஆறு துண்டுகளாக வெட்டப்பட்டு, ஒவ்வொரு துண்டும் ஒரு யுகத்தில் பிறக்கிறது. ஒவ்வொன்றையும் எதிர்கொள்ள நாராயணர் வருகிறார். 'யுகந்தோறும்' என்னும் கீதைச் சொல்லின் அமைப்பு இங்கே கதையாக விரிகிறது. ஆனால் இரண்டு மாற்றங்கள் உண்டு. முதலாவது, இந்த வரிசை முடிவுறும். கலியுகத்துக்குப் பின் வருவது தர்மயுகம். அதற்குப் பின் வாட்டமில்லை. கீதையின் 'போதெல்லாம்' முடிவின்றித் திரும்பிவருவது. அம்மானையில் அது ஒரு கடைசிமுறையை எட்டுகிறது. இரண்டாவது, கடைசிப் பகைவன் படைக்கலத்தால் வெல்லத்தக்கவன் அல்லன். பண்டாரங்களுக்குத் தீங்கு செய்வதில்லை என்று கலியன் வாக்களித்திருப்பதால், நாராயணர் பண்டார வேடத்தையே தேர்கிறார். அழித்தல் என்னும் செயல் இங்கே தவமாகவும் பொறுமையாகவும் மாறுகிறது.

எல்லாவற்றினும் பெரிய மாற்றம் பெயர்ச்சொல்லில் நிகழ்கிறது. தாழ்ந்து கிடப்போரைக் காப்பதையே தர்மம் என்று அம்மானை வரையறுக்கிறது. வேதம், வருணம், ஆசிரமம் ஆகியவை அந்த வரையறைக்குள் வரவில்லை. இப்பொருளை ஏற்றுக்கொண்டு சுலோகத்தின் நிபந்தனையை மறுபடி படித்தால், அதே நாட்டில், அதே ஆண்டில், அது முழுமையாக நிறைவேறியிருக்கிறது. தர்மராஜ்யத்தின் மன்னன் அம்மானையில் கலிநீசன் ஆகிறான். இறைவன் அனந்தபுரத்தை விட்டு நீங்கித் திருச்செந்தூருக்குச் செல்வதாகவும் அந்நூல் பாடுகிறது. திருப்படிதானத்தின் கோட்பாட்டுக்கு இதைவிடக் கூர்மையான மறுப்பு இருக்க இயலாது: நாட்டை ஏற்றுக்கொண்டதாகச் சொல்லப்படுபவரே வெளியேறிவிட்டார்.

இரண்டு வாசிப்புகளும் நேருக்கு நேர் சந்தித்த இடம் அரசவை. 1829 முதல் 1846 வரை ஆண்ட சுவாதித் திருநாளின் காலத்தில், 1838 அளவில், வைகுண்டர் கைதுசெய்யப்பட்டுத் திருவனந்தபுரத்துச் சிங்காரத்தோப்பில் சிறைவைக்கப்பட்டார். கைதுக்கு முன் நடந்ததாக அம்மானை காட்டும் உரையாடல் உரைமரபின் மாணவர் எவரும் படிக்கவேண்டிய ஒன்று. திருமால் சாணார் குலத்தில் வந்திருப்பதாகக் கேட்ட மன்னன், உயர்ந்த குலங்கள் இருக்க இக்குலத்தில் ஏன் பிறக்கவேண்டும் என்று வினவுகிறான். ஆயர் குலத்தவரான பூவண்டன், இறைவன் எந்தக் குலத்திலும் பிறக்கக்கூடும் என்று எடுத்துரைக்கிறார். மன்னன் அதை ஏற்கவில்லை.

இங்கே மன்னனின் வினா எதைப்பற்றியது என்று கவனிக்க வேண்டும். அவதார உடல் மாயையா, மெய்யா, வெளிப்பாடா என்று அவன் கேட்கவில்லை. சங்கரரும் இராமானுசரும் மத்துவரும் வாதிட்ட வினா அவனைத் தொடவே இல்லை. அவ்வினாவில் மூவருள் எவர் விடையை ஏற்றாலும் பூவண்டன் சொன்னது செல்லுபடியாகும்: தோற்றமென்றால் எக்குலத் தோற்றமும் ஒன்றே, சங்கற்பத்தால் அமையும் வடிவமென்றால் சங்கற்பத்துக்குச் சாதித்தடை இல்லை, விளையாட்டென்றால் அதற்கு வரம்பே இல்லை. கண்ணனே ஆயர்பாடியில் வளர்ந்தவன். வினைச்சொல் எல்லாவற்றையும் அனுமதித்தது, பெயர்ச்சொல்தான் தடுத்தது. வருண ஒழுங்கே தர்மம் என்றால், அந்த ஒழுங்கை மீறும் பிறப்பு தர்மத்தைக் காக்க வந்ததாக இருக்க முடியாது என்பது மன்னனின் தருக்கம். அவனுடைய முதற்கூற்றை ஏற்றால் அந்தத் தருக்கத்தில் பிழையில்லை.

சிறையிலிருந்து விடுவிக்கும் வேளையில், தம் சாதியினரோடு மட்டும் பழகுவதாக எழுதிக்கொடுக்கும்படி அவரிடம் கேட்கப்பட்டதாகவும், அவர் அதற்கு இணங்கவில்லை என்றும் மரபு கூறுகிறது. அந்த ஓலையின் உள்ளடக்கம் வெறும் காவல்துறை நிபந்தனை அன்று. இறைவனே ஆயினும் வருணத்துக்குள் இருக்கட்டும் என்னும் உரைக்குறிப்பு அது. விடுதலைக்குப் பின் அவர் செய்தவை மறுப்புரையின் எஞ்சிய பகுதி எனலாம். பல சாதியினர் ஒரே கிணற்றில் நீர் எடுத்தனர், தலைப்பாகையோடு வழிபட்டனர், கண்ணாடியின் முன் நின்று தம் உருவையே கண்டனர். இராமானுசர் 'காத்தல்' என்பதை இறைவன் தன்னைக் காட்டுதல் என்று விளக்கியிருந்தார். கண்ணாடி முன் நிற்பவருக்கு காட்டப்படுவது எது என்று எண்ணிப் பார்த்தால், அந்த விளக்கத்துக்கு எதிர்பாராத ஒரு நீட்சி தென்படும்.

இந்த ஒப்பீட்டுக்கு இரண்டு மறுப்புகள் எழலாம். அம்மானை கீதைக்கு எழுதப்பட்ட உரை அன்று. நாட்டார் இலக்கியத்தைப் பாடியங்களோடு எப்படி நிறுத்துவது என்பது முதல் மறுப்பு. உண்மை, அது உரையன்று. அது சுலோகத்தைச் சொல் பிரித்து விளக்கவில்லை. வைகுண்டரின் பிறப்பையும், கடலுக்குள் நாராயணர் தந்தையாக நின்று தன்னையே மகனாக ஈனும் நிகழ்ச்சியாகவே சொல்கிறது. ஆயினும் ஒரு சொல்லின் பொருள் உரைகளால் மட்டும் மாறுவதில்லை. வழக்காலும் மாறுகிறது என்பது மொழியியலின் அரிச்சுவடி. அவதாரம், யுகம், தர்மம் என்னும் மூன்று சொற்களையும் அவற்றிடையேயான நிபந்தனை உறவையும் அப்படியே வைத்துக்கொண்டு, ஒன்றின் பொருளை மட்டும் மாற்றிக் காட்டும் நூல் அந்த வாக்குறுதியின் வாசிப்பு வரலாற்றில் இடம்பெறத் தகுதியுடையதே.

இரண்டாவது மறுப்பு எதிர்த்திசையிலிருந்து வருவது. இதையெல்லாம் சமூகச் சீர்திருத்தம் என்று சொல்லிவிட்டால் போதாதா, அவதாரப் பேச்சு எதற்கு? அது நூலுக்குச் செய்யும் அநீதி. அம்மானை தன்னைச் சீர்திருத்த அறிக்கையாக எண்ணவில்லை. யுக முடிவை எதிர்நோக்கி, இறைவன் வந்துவிட்டான் என்னும் உறுதியில் பேசுகிறது. அந்த உறுதியை நீக்கினால், அரசனைக் கலி என்று அழைக்கும் துணிவு எங்கிருந்து வந்தது என்பதற்கு விடை கிடைக்காது. சீர்திருத்தக்காரர் அரசனிடம் விண்ணப்பம் அளிப்பார். யுகத்தின் முடிவை அறிந்தவருக்கு விண்ணப்பம் தேவைப்படுவதில்லை.

இது பழங்கதையும் அன்று. 2024 மார்ச்சில், வைகுண்டர் சனாதன தர்மத்தைக் காக்க வந்த திருமாலின் அவதாரம் என்று தமிழ்நாட்டு ஆளுநர் பேசினார்; சாமிதோப்புத் தலைமைப்பதியிலிருந்து அதற்கு மறுப்பு எழுந்தது. ஊடகங்கள் இதை அவதாரமா சீர்திருத்தவாதியா என்னும் சண்டையாகச் சுருக்கின. உண்மையில் அங்கும் பூசல் பெயர்ச்சொல்லின்மேல்தான். வைகுண்டர் தர்மத்துக்காக வந்தார் என்பதில் இருதரப்புக்கும் வேறுபாடில்லை. எந்தத் தர்மம் என்பதே வினா. உரையாசிரியர்களின் பொருளை அம்மானையின் சொல்லுக்குள் ஓசையின்றி ஏற்றினால், சிறைவைத்தவனின் வாசிப்பு சிறைப்பட்டவரின் பெயராலேயே நிலைநாட்டப்பட்டுவிடும்.

அனந்தபுரத்து அரசே பின்னாளில் தன் பெயர்ச்சொல்லைத் திருத்திக்கொண்டது. 1859இல் மேலாடைக்கான அரசாணை வந்தது. 1936 நவம்பர் 12இல் சித்திரைத் திருநாள் வெளியிட்ட கோயில் நுழைவு அறிவிப்பு, பிறப்பால் இந்துவாகிய எவரையும் அரசின் கோயில்களுக்குள் தடுக்கலாகாது என்றது. ஒருகாலத்தில் கோயில் தெருவில் அவர்கள் நடப்பது தர்மத்தின் வாட்டமாகக் கருதப்பட்டது. இப்போது அவர்களைத் தடுப்பதே குற்றமாயிற்று. தர்மம் என்னும் சொல்லின் ஒலி மாறவில்லை.

எனவே வேதாந்தப் பள்ளிகளின் அவதாரக் கொள்கையை ஒப்பிட்டு எழுதும் மாணவர்கள், பட்டியலில் மேலும் ஒரு பத்தியைச் சேர்ப்பது நன்று. வினைச்சொல்லுக்கு ஒவ்வொருவரும் தந்த பொருளை எழுதியபின், பெயர்ச்சொல்லுக்கு ஒவ்வொருவரும் தந்த பொருளையும் பக்கத்தில் எழுத வேண்டும். வாட்டத்தை அறிவிக்கும் உரிமை அந்தப் பொருளின்படி யாருக்குக் கிட்டுகிறது என்பதையும் குறிக்க வேண்டும். அந்தக் கட்டத்தில் அம்மானைக்குரிய நிரை பிறவற்றிலிருந்து விலகி நிற்பது தானே தெரியும். சிங்காரத்தோப்பு நகரத்துக்குள்ளேயே இருக்கிறது; அதை ஆய்வேடுகளுக்குள்ளும் கொண்டுவரும் பணி மட்டும் மிச்சமிருக்கிறது.